பி.டி.யும் ஏ.பி.டி.டி.யும்: குழாயில் உறைவதும் உடலில் உறைவதும்

அறுவை சிகிச்சைக்கு முன் எடுக்கும் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் சர்க்கரை, கிரியேட்டினின், ரத்த வகை எல்லாம் முடிந்த பிறகு கடைசியில் இரண்டு வரிகள் வரும். ஒன்று பி.டி., அதாவது புரோத்ராம்பின் டைம். இன்னொன்று ஏ.பி.டி.டி., ஆக்டிவேட்டட் பார்ஷியல் த்ராம்போபிளாஸ்டின் டைம். இரண்டுமே விநாடிக் கணக்கு. ஆரோக்கியமான ஒருவருக்கு முதலாவது 12 விநாடியை ஒட்டியும் இரண்டாவது 30 விநாடியை ஒட்டியும் இருக்கும். லேபுக்கு லேப் எல்லை கொஞ்சம் மாறும் என்பதால், பக்கத்தில் அச்சிட்டிருக்கும் அந்த லேபின் சொந்த எல்லையைத்தான் பார்க்க வேண்டும். இரண்டையும் சேர்த்து ‘ரத்தம் உறையும் நேரம்’ என்று சொல்லிவிடுகிறோம். பேச்சுக்கு அது போதும். ஆனால் ஒன்று நீண்டு மற்றொன்று சரியாக இருக்கும் நாளில் அந்தப் பொதுப் பெயர் கைகொடுக்காது.

இரண்டுக்கும் ரத்தம் ஒரே நீல மூடிக் குழாயில்தான் போகிறது. அதில் 3.2 சதவீத சோடியம் சிட்ரேட் திரவம் இருக்கும். ரத்தம் உறையக் கால்சியம் வேண்டும். சிட்ரேட் அந்தக் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால் குழாயில் ரத்தம் உறையாமல் காத்திருக்கும். ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு சிட்ரேட் என்பது விகிதம். குழாயில் குறித்த கோடு வரை ரத்தம் நிரம்பாவிட்டால் சிட்ரேட் மிகுந்துபோய், லேபில் பிறகு சேர்க்கும் கால்சியத்தையும் அது விழுங்கிவிடும். அப்போது எந்தக் குறையும் இல்லாதவருக்கும் விநாடிகள் கூடிக் காட்டும். குழந்தைகளிடம் ரத்தம் எடுக்கச் சிரமப்பட்டு அரைக் குழாயோடு நிறுத்திவிடும் இடங்களில் இது வாடிக்கையாக நடக்கிறது. நல்ல லேப் டெக்னீஷியன் அப்படி வந்த குழாயை மெஷினில் வைக்கவே மாட்டார், திருப்பி அனுப்பிவிடுவார்.

குழாயைச் சுழற்றினால் அணுக்கள் அடியில் படிந்து, மேலே வெளிர் மஞ்சள் பிளாஸ்மா நிற்கும். இங்கேதான் இரண்டு சோதனைகளும் பிரிகின்றன.

பி.டி.க்கு 0.1 மில்லி பிளாஸ்மாவை 37 டிகிரிக்குச் சூடாக்கி, அதில் 0.2 மில்லி த்ராம்போபிளாஸ்டின் கரைசலை விடுவார்கள். அந்தக் கரைசலில் மூன்று பொருள்கள் உண்டு: திசுக்களிலிருந்து வரும் டிஷ்யூ ஃபாக்டர் என்ற புரதம், கொழுப்புப் பொருளான ஃபாஸ்ஃபோலிப்பிட், கால்சியம். கரைசல் விழுந்த கணத்தில் கடிகாரம் ஓடத் தொடங்கும். பிளாஸ்மா கட்டியானதும் நிற்கும். காயம் பட்ட இடத்தில் ரத்தக் குழாய்க்கு வெளியே இருக்கும் திசு ரத்தத்தைத் தொடுவதற்கு ஒப்பானது இது.

ஏ.பி.டி.டி.யில் டிஷ்யூ ஃபாக்டர் கிடையாது. 0.1 மில்லி பிளாஸ்மாவோடு ஃபாஸ்ஃபோலிப்பிட்டையும், சிலிக்கா, கயோலின் களிமண், எலாஜிக் அமிலம் இவற்றில் ஏதோ ஒன்றையும் சேர்த்து மூன்று முதல் ஐந்து நிமிடம் சும்மா வைத்திருப்பார்கள். எதிர்மின்னேற்றம் கொண்ட அந்தத் துகள்களின் மேற்பரப்பு பட்டவுடன் பிளாஸ்மாவின் 12ஆம் காரணி விழித்துக்கொள்ளும், அது 11ஐ எழுப்பும். கால்சியம் இல்லாததால் விஷயம் அத்தோடு நிற்கும். பிறகு கால்சியம் குளோரைடைச் சேர்த்ததும் கடிகாரம் ஓடும். ஆக, ரிப்போர்ட்டில் வரும் 30 விநாடிக்கு முன்னால் எண்ணப்படாத சில நிமிடங்கள் உண்டு.

ரத்தம் உறைவதற்கான புரதங்களை உறைகாரணிகள் என்பார்கள். புத்தகங்களில் ரோமன் எண் போட்டிருப்பார்கள், இங்கே சாதாரண எண்ணிலேயே சொல்கிறேன். பி.டி. தொடங்கும் இடம் 7ஆம் காரணி. ஏ.பி.டி.டி. தொடங்கும் இடம் 12. அங்கிருந்து 11, 9, 8 என்று இறங்கும். இரண்டு வழிகளும் 10ஆம் காரணியில் வந்து சேர்கின்றன. அதற்குப் பின் 5, 2 (இதுதான் புரோத்ராம்பின்), கடைசியில் ஃபைப்ரினோஜென் என எல்லாம் பொதுப் பாதை. எனவே பி.டி. மட்டும் நீண்டால் முதல் சந்தேகம் 7 மேல். ஏ.பி.டி.டி. மட்டும் நீண்டால் 8, 9, 11, 12 மேல். இரண்டும் நீண்டால் பொதுப் பாதையில் கோளாறு, அல்லது பல காரணிகள் ஒன்றாகக் குறைந்திருக்கின்றன. எந்தக் காரணியும் கொஞ்சம் குறைந்தவுடன் இந்தச் சோதனைகள் காட்டிக்கொடுப்பதில்லை. பொதுவாக 30-40 சதவீதத்துக்குக் கீழே போனால்தான் விநாடிகள் எல்லையைத் தாண்டும்.

இப்படி இரண்டு சோதனைகள் பிறந்ததற்குப் பின்னால் ஒரு புதிர் இருக்கிறது. 1935இல் அமெரிக்க மருத்துவர் அர்மண்ட் குவிக்கும் அவருடைய சகாக்களும் மஞ்சள் காமாலை நோயாளிகளின் ரத்தத்தையும் ஹீமோஃபீலியா நோயாளிகளின் ரத்தத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். இரண்டு கூட்டத்தாருக்கும் ரத்தம் நிற்காமல் போகும் தொல்லை உண்டு. ஆனால் திசுச் சாற்றைச் சேர்த்தபோது காமாலைக்காரர்களின் பிளாஸ்மா தாமதமாக உறைந்தது. ஹீமோஃபீலியாக்காரர்களின் பிளாஸ்மாவோ எல்லோருடையதையும் போல உறைந்துவிட்டது. காமாலையைப் பிடித்த பி.டி., ரத்தக்கசிவு நோய்களில் பேர்போன ஹீமோஃபீலியாவைக் கோட்டைவிட்டது. அந்த ஓட்டையை அடைக்க வந்ததுதான் மற்றது. 1953இல் வட கரோலினாவில் லாங்டெல், வாக்னர், பிரிங்கவுஸ் மூவரும் டிஷ்யூ ஃபாக்டரை விட்டுவிட்டு ஃபாஸ்ஃபோலிப்பிட் மட்டும் சேர்த்தபோது ஹீமோஃபீலியா பிளாஸ்மா தன் தாமதத்தைக் காட்டியது. 1961இல் ப்ராக்டரும் ராப்பபோர்ட்டும் அதில் கயோலினைச் சேர்த்து, நாளுக்கு நாள் மாறாத முடிவு கிடைக்கும்படி செய்தார்கள். ஏ.பி.டி.டி.யில் வரும் முதல் ‘ஏ’ அப்படி ஒட்டிக்கொண்டதுதான்.

அப்படியானால் 8ஆம் காரணி இல்லாதவருக்கு பி.டி. ஏன் சரியாக இருக்கிறது? காயம் பட்டால் உடலிலும் டிஷ்யூ ஃபாக்டர்தானே வேலையைத் தொடங்குகிறது? ஈர விறகானாலும் அரை லிட்டர் மண்ணெண்ணெயை ஊற்றிக் கொளுத்தினால் பற்றிக்கொள்ளும். விறகு ஈரம் என்பதே தெரியாது. பி.டி. கரைசலில் இருக்கும் டிஷ்யூ ஃபாக்டர் அந்த அளவுக்கு அதிகம். 7ஆம் காரணியின் துணையோடு அது 10ஐ நேரடியாகவும் வெள்ளமாகவும் எழுப்பிவிடுகிறது. உண்மையான காயத்தில் அது சொற்பம்தான் வெளிப்படும், உடலின் தடுப்பு ஒன்றும் அதைச் சீக்கிரம் அடக்கிவிடும். அந்தச் சொற்பத்தைப் பெருக்கிக்கொடுப்பது 9ம் 8ம்தான். டிஷ்யூ ஃபாக்டரும் 7ம் சேர்ந்து 9ஐயும் எழுப்புகின்றன என்று 1977இல் ஓஸ்டெருடும் ராப்பபோர்ட்டும் காட்டினார்கள். அதாவது குழாயில் தனித்தனியாகப் போகும் இரண்டு வழிகள் உடலில் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. 1964இல் மெக்ஃபார்லேனும், டேவி-ராட்னாஃப் இருவரும் தனித்தனியே வரைந்த அடுக்குப் படம் இன்றும் பாடப் புத்தகத்தில் இருக்கிறது. ரிப்போர்ட் வாசிக்க அந்தப் படம் நன்றாக உதவும். உடலில் நடப்பதை அது அப்படியே சொல்கிறது என்று நம்பினால்தான் வம்பு.

பி.டி. தனியாக நீளும்போது பெரும்பாலும் காரணம் வைட்டமின் கே-யோ கல்லீரலோதான். பிறவியிலேயே 7ஆம் காரணி குறைந்தவர்கள் உண்டு, ஆனால் அபூர்வம். 2, 7, 9, 10 ஆகிய நான்கு காரணிகளும் கல்லீரலில் உருவாகி, வேலைக்குத் தகுதியாக வைட்டமின் கே தேவைப்படுபவை. அந்த வைட்டமினுக்குத் தட்டுப்பாடு வந்தாலோ, வார்ஃபரின், அசெனோகூமரால் போன்ற மாத்திரைகள் அதன் வேலையைத் தடுத்தாலோ நான்கும் குறையும். பின் ஏன் முதலில் பி.டி. மட்டும் நீள்கிறது? நான்கின் ஆயுளும் ஒன்றல்ல. 7ஆம் காரணியின் அளவு சுமார் ஆறு மணி நேரத்தில் பாதியாகும். 9க்கு ஏறக்குறைய ஒரு நாள் பிடிக்கும். புரோத்ராம்பினுக்கு இரண்டரை நாளுக்கு மேல். உற்பத்தி நின்றதும் முதலில் காலியாவது 7. அதைப் பார்ப்பது பி.டி. மட்டுமே. நாள் கடந்து மற்றவையும் குறைந்த பிறகு ஏ.பி.டி.டி.யும் நீளத் தொடங்கும்.

இந்த ஆயுள் வித்தியாசம் வார்டில் ஒரு மயக்கத்தை உண்டாக்கும். கால் நரம்பில் ரத்தக் கட்டியோடு வந்தவருக்கு வார்ஃபரின் தொடங்கினால் இரண்டு மூன்று நாளிலேயே பி.டி. நீண்டுவிடலாம். மருந்து வேலை செய்கிறது என்று ஹெப்பாரின் ஊசியை நிறுத்தத் தோன்றும். ஆனால் புதுக் கட்டி உருவாகாமல் காக்க வேண்டுமானால் புரோத்ராம்பின் குறைய வேண்டும். அது இன்னும் ரத்தத்தில் தாராளமாக இருக்கிறது. இரண்டு மருந்துகளையும் குறைந்தது ஐந்து நாள் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்ற விதி இதற்காகத்தான்.

இதய வால்வு மாற்றியவர்களுக்குப் பழக்கமான ஐ.என்.ஆர். என்ற எண் பி.டி.யிலிருந்துதான் வருகிறது. த்ராம்போபிளாஸ்டின் கரைசல் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. சில கரைசல்கள் காரணிக் குறையைக் கூர்மையாகக் காட்டும், சில மந்தமாகக் காட்டும். ஒரே ஆளின் ரத்தம் ஒரு லேபில் 24 விநாடி, இன்னொன்றில் 18 விநாடி என்று வரும். இரண்டிலும் இயல்பு சராசரி 12 விநாடி என்று கொள்வோம். முதல் லேபின் கரைசலுக்குக் கூர்மைக் குறியீடு 1.0, 24ஐ 12ஆல் வகுத்தால் 2, அதன் 1.0 அடுக்கும் 2தான். இரண்டாவது லேபில் குறியீடு 1.7, 18ஐ 12ஆல் வகுத்தால் 1.5, அதன் 1.7 அடுக்கு 1.99. விநாடிகள் எவ்வளவோ வேறு, ஐ.என்.ஆர். ஒன்றே. வெளியூர் போன இடத்தில் பரிசோதித்துவிட்டு ‘பி.டி. குறைந்துவிட்டதே’ என்று மாத்திரையைத் தாமாகக் கூட்டிக்கொள்பவர்கள் பார்க்க வேண்டியது இந்த எண்ணைத்தான். ஏ.பி.டி.டி.க்கு இப்படி எல்லோரும் ஏற்ற பொது அளவுகோல் எதுவும் இன்று வரை வரவில்லை. இரண்டுக்கும் இடையே நடைமுறையில் பெரிய வேறுபாடு இது.

இந்தக் குறியீடு வார்ஃபரின் சாப்பிடுவோரின் ரத்தத்தை வைத்துக் கணக்கிடப்பட்டது. கல்லீரல் நோயாளிக்கு அதே எண்ணைப் போட்டு ‘ஐ.என்.ஆர். 2, ரத்தம் நீர்த்துப்போயிருக்கிறது’ என்பது சரியாகாது. சுருங்கிப்போன கல்லீரல் உறைய வைக்கும் காரணிகளை மட்டும் குறைப்பதில்லை. உறைவதைத் தடுக்கும் புரோட்டீன் சி, ஆன்டித்ராம்பின் ஆகியவற்றையும் சேர்த்தே குறைக்கிறது. பி.டி. தராசின் ஒரு தட்டை மட்டும்தான் பார்க்கிறது. அதனால் சிரோசிஸ் நோயாளிக்கு பி.டி. நீண்டிருக்கும்போதே கல்லீரலுக்குப் போகும் ரத்தக் குழாயில் கட்டி அடைப்பதும் உண்டு. இதைவிட உபயோகமான ஒரு கேள்விக்கு பி.டி. நன்றாகவே பதில் சொல்லும். காமாலையோடு வந்தவருக்கு வைட்டமின் கே ஊசி போட்டு மறுநாள் பி.டி. பாருங்கள். சரியாகிவிட்டால் கல்லீரல் செல்கள் நன்றாக இருக்கின்றன, பித்தம் குடலுக்கு வராததால் வைட்டமின்தான் உறிஞ்சப்படவில்லை. அசையவே இல்லையென்றால் கல்லீரலே தளர்ந்துவிட்டது என்று பொருள்.

இனி ஏ.பி.டி.டி. மட்டும் நீண்ட ரிப்போர்ட். என் பார்வையில் இந்த ஒப்பீட்டின் முக்கியமான இடம் இதுதான். ஒரே எண், நேர் எதிரான முடிவுகளுக்குக் கொண்டுபோகும்.

ஒரு சிறுவனை எடுத்துக்கொள்வோம். ஐந்து வயது, எடை 18 கிலோ. டான்சில் எடுக்க நாள் குறித்தாகிவிட்டது. தட்டணுக்கள் சரி. பி.டி. 12.6 விநாடி, சரி. ஏ.பி.டி.டி. 74 விநாடி, லேபின் எல்லை 26 முதல் 36. முதல் வேலை எண்ணை நம்பாமல் இருப்பது. குழாய் கோடு வரை நிரம்பியிருந்ததா, ஹெப்பாரின் விட்டுக் கழுவிய குழாய் வழியாக ரத்தம் எடுத்தார்களா என்று கேட்க வேண்டும். மறுபடி புதிதாக ஊசி குத்தி எடுத்ததிலும் 72 வருகிறது. ஆகவே எண் உண்மை.

அடுத்து கலப்புச் சோதனை. சிறுவனின் பிளாஸ்மாவையும், ஆரோக்கியமான பலரிடம் எடுத்துக் கலந்து வைத்த பிளாஸ்மாவையும் சரிபாதியாகக் கலந்து மீண்டும் ஏ.பி.டி.டி. பார்ப்பார்கள். ஒரு காரணி அறவே இல்லாவிட்டாலும் கலவையில் அது 50 சதவீதம் வந்துவிடும். விநாடி இயல்பாக அது போதும். மாறாக, சிறுவனின் பிளாஸ்மாவில் உறைதலைத் தடுக்கும் பொருள் ஏதாவது இருந்தால், அது வந்து சேர்ந்த நல்ல பிளாஸ்மாவையும் தடுக்கும், விநாடி இறங்காது. இங்கே கலவை 34 விநாடியில் உறைகிறது. 37 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்துப் பார்த்தாலும் 35. எனவே தடுப்புப் பொருள் இல்லை, ஏதோ ஒரு காரணி குறைவு.

எது? அம்மாவிடம் நிதானமாகப் பேசினால் பாதி விடை கிடைக்கும். தவழ ஆரம்பித்த நாளிலிருந்து முட்டியில் நீலம் பாரித்துக்கொண்டே இருந்தது என்கிறார். காது குத்தியபோது இரண்டு நாள் கசிந்தது, ஆசாரி சரியாகக் குத்தவில்லை என்று நினைத்துக்கொண்டார்களாம். அவருடைய தம்பிக்குப் பல் பிடுங்கி ரத்தம் நிற்காமல் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். தாய்வழியாக ஆண்களுக்கு வரும் நோய் என்றால் 8 அல்லது 9. அளந்து பார்த்தால் 9ஆம் காரணி 92 சதவீதம், 8ஆம் காரணி 4 சதவீதம். 8ஐத் தாங்கிச் செல்லும் வான் வில்லிபிராண்ட் புரதம் குறைந்தாலும் 8 குறையும் என்பதால் அதையும் பார்க்கிறார்கள். அது சரியாக இருக்கிறது. இது நடுத்தர அளவு ஹீமோஃபீலியா ஏ. கிலோவுக்கு ஒரு யூனிட் 8ஆம் காரணி ஏற்றினால் அளவு சுமார் 2 சதவீதம் கூடும். 4லிருந்து 100க்குக் கொண்டுவர 96ஐ 18ஆல் பெருக்கி 2ஆல் வகுத்தால் 864 யூனிட். அறுவை சிகிச்சைக்கு முன் அதை ஏற்றி, தொண்டைப் புண்ணின் பொருக்கு உதிரும் நாள்கள் வரை தொடர்ந்து கொடுத்தால் ஆபத்தில்லாமல் முடியும். தெரியாமல் கத்தி வைத்திருந்தால் கதை வேறு.

இப்போது அதே 74 விநாடியை வேறு மூவருக்குக் கொடுத்துப் பார்ப்போம். முதலாமவருக்கும் கலவை சரியாகிறது. ஆனால் அளந்தால் 8, 9, 11 மூன்றும் இயல்பு, 12 மட்டும் 1 சதவீதத்துக்கும் குறைவு. இவருக்கு ஒரு மருந்தும் தேவையில்லை, நேராக ஆபரேஷன் செய்யலாம். 1955இல் ஆஸ்கர் ராட்னாஃபும் ஜோன் கொலோபியும் வெளியிட்ட ஆய்வின் நாயகன் ஜான் ஹேகமன் இப்படிப்பட்டவர்தான். அமெரிக்க ரயில்வேயில் பிரேக்மேன் வேலை, வயது 37. அறுவை சிகிச்சைக்கு முன் வழக்கமாகப் பார்த்த பரிசோதனையில் அவருடைய ரத்தம் கண்ணாடிக் குழாயில் உறைய அநியாயத்துக்குத் தாமதித்தது. ஆனால் வாழ்நாளில் அவருக்கு ரத்தம் நிற்காமல் போனதே இல்லை. அவரிடம் இல்லாததைத்தான் 12ஆம் காரணி என்கிறோம். ஹேகமன் ஃபாக்டர் என்ற பெயரும் அதற்கு உண்டு. 1968இல் அவர் இறந்தது ரத்தக்கசிவால் அல்ல. விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் இருந்தவருக்கு ரத்தக் கட்டி நுரையீரலில் போய் அடைத்துவிட்டது. 12ஆம் காரணியை எழுப்புவது கண்ணாடியும் களிமண்ணும் போன்ற மேற்பரப்புகள். காயத்தில் ரத்தத்தை நிறுத்த உடல் அதை நம்பி இருக்கவில்லை. 11ஐக்கூட உடலில் த்ராம்பினே திரும்பி வந்து எழுப்பிக்கொள்கிறது.

இரண்டாமவருக்குக் கலவை சரியாகவில்லை, 60 விநாடியிலேயே நிற்கிறது. இவரிடம் இருப்பது லூபஸ் ஆன்டிகோஆகுலன்ட் என்ற எதிர்ப்பொருளாக இருக்கலாம். குழாயில் சேர்க்கும் ஃபாஸ்ஃபோலிப்பிட்டோடு அது மல்லுக்கட்டுவதால் விநாடி நீள்கிறது. குழந்தைகளுக்குச் சளிக் காய்ச்சலுக்குப் பிறகு சில வாரம் இருந்துவிட்டுத் தானே போய்விடும். ஆனால் ஓர் இளம்பெண்ணுக்கு இது மாதக்கணக்கில் நிலைத்திருந்தால், காலில் ரத்தக் கட்டியும் மறுபடி மறுபடி கருச்சிதைவும் வரக்கூடும். உறையத் தாமதம் என்று சொல்லும் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு உறையாமலிருக்க மருந்து கொடுக்க வேண்டியிருக்கும். இதைப் பயிற்சி மருத்துவர்களுக்குப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

மூன்றாமவர் எழுபது வயதுப் பெரியவர். இதுவரை எந்தத் தொல்லையும் இல்லாதவருக்குத் திடீரென்று கையெல்லாம் கன்றிப்போய்விட்டது. கலந்த உடனே பார்த்தால் 40 விநாடி, ஏறக்குறையச் சரியானது போலத் தோன்றும். இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் 65. உடலே தன் 8ஆம் காரணிக்கு எதிராக உண்டாக்கிய எதிர்ப்பொருள் மெதுவாக வேலை செய்வதால் இப்படி. அவசரப்பட்டு உடனடிக் கலவையோடு நிறுத்திக்கொள்ளும் லேப் இவரைத் தவறவிடும். நால்வரில் உயிருக்கு மிக ஆபத்தான நிலையில் இருப்பவர் இவர்தான்.

ஆக, ஒரே 74 விநாடி நான்கு பேரிடம் நான்கு விதமாகப் பேசுகிறது. ரத்தம் கசிந்த வரலாறு எதுவும் இல்லாதவர்களுக்கெல்லாம் ஆபரேஷனுக்கு முன் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு சோதனைகளையும் எழுதுவது வீண் என்று நான் நினைப்பதற்கு இது ஒரு காரணம். பிரிட்டிஷ் ரத்தவியல் வழிகாட்டியும் 2008இல் ஏறக்குறைய இதையே சொன்னது. பல் பிடுங்கியபோது, பிரசவத்தின்போது, காது குத்தியபோது என்ன ஆயிற்று என்று கேட்பதற்குச் செலவில்லை. பதிலோ விநாடிகளைவிட நம்பகமானது.

மருந்துகளின் பக்கம் சுருக்கமாக. சாதாரண ஹெப்பாரினைச் சொட்டு மருந்தாக ஏற்றும்போது அளவைச் சரிபார்க்க உதவுவது ஏ.பி.டி.டி.; இயல்பைப் போல ஒன்றரை முதல் இரண்டரை மடங்கில் வைத்திருப்பது பழைய வழக்கம். ஹெப்பாரின் பொதுப் பாதையையும் தடுக்கிறதே, பி.டி. ஏன் நீள்வதில்லை என்று கேட்கலாம். பெரும்பாலான பி.டி. கரைசல்களில் ஹெப்பாரினை முறிக்கும் பொருளைக் கம்பெனிக்காரர்களே சேர்த்துவிடுகிறார்கள், விடை அவ்வளவுதான். தோலுக்கடியில் போடும் சிறு மூலக்கூறு ஹெப்பாரினை ஏ.பி.டி.டி. நம்பகமாகக் காட்டாது. புது மாத்திரைகளில் டாபிகாட்ரான் ஏ.பி.டி.டி.யை நீட்டும், ரிவராக்ஸபான் பி.டி.யைக் கொஞ்சம் நீட்டும், அபிக்ஸபான் இரண்டையும் அநேகமாகத் தொடாது. இரண்டும் இயல்பு என்பதால் மருந்து உடலில் இல்லை என்று முடிவு கட்டக்கூடாது.

இரண்டும் சேர்ந்து நீளும் நோய்களில் நம் ஊருக்கு நெருங்கியது கண்ணாடி விரியன் கடி. அந்த விஷத்தில் 10ஆம் காரணியை நேரடியாக எழுப்பும் பொருள் ஒன்றும், 5ஐ எழுப்பும் பொருள் ஒன்றும் உள்ளன. பொதுப் பாதையின் வாசலிலேயே தீ வைத்தாற்போல ரத்தக் குழாய்க்குள் உறைதல் தொடங்கி, ஃபைப்ரினோஜென் வரை எல்லாம் செலவழிந்து தீர்ந்துபோகும். மிஞ்சிய ரத்தத்தில் உறைவதற்குச் சரக்கே இல்லை, பி.டி., ஏ.பி.டி.டி. இரண்டையும் மெஷின் ‘உறையவில்லை’ என்றே காட்டும். இரவில் லேப் திறந்திராத ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதே கேள்வியை 20 நிமிடச் சோதனை கேட்கிறது. புதிய, சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தத்தை விட்டு, ஆட்டாமல் 20 நிமிடம் வைத்து, ஒரு தடவை சாய்த்துப் பார்க்க வேண்டும். ரத்தம் தண்ணீராக ஓடினால் விஷமுறிவு மருந்து ஏற்ற வேண்டும். கண்ணாடிதான் வேண்டும் என்பதற்குக் காரணம் ஹேகமனின் 12ஆம் காரணியே: அதை எழுப்புவது கண்ணாடியின் மேற்பரப்பு. பிளாஸ்டிக் குழாயிலோ சோப்புப் போட்டுக் கழுவிய குழாயிலோ அந்த வேலை நடக்காமல், விஷம் ஏறாதவரின் ரத்தமும் உறையாமல் நின்று ஏமாற்றும்.

அதே விஷம் லேபுக்குள் மருந்துப் புட்டியாகவும் வந்திருக்கிறது. ஹீமோஃபீலியா நோயாளிகளின் மேற்காயங்களில் நீர்த்த கண்ணாடி விரியன் விஷத்தைத் தடவி ரத்தத்தை நிறுத்தலாம் என்று மெக்ஃபார்லேன் 1934இல் காட்டினார். 8, 9 இல்லாவிட்டாலும் அது 10ஐ எழுப்பிவிடுமே. இன்று லூபஸ் ஆன்டிகோஆகுலன்டை உறுதிசெய்யும் முக்கியச் சோதனை, மிக நீர்த்த இதே விஷத்தை வைத்துத்தான் நடக்கிறது.

இரண்டும் இயல்பாக இருந்தும் ரத்தம் நிற்காதவர்கள் உண்டு. தட்டணுக் கோளாறுகளை இந்தச் சோதனைகள் பார்ப்பதே இல்லை, பிளாஸ்மாவைப் பிரிக்கும்போதே தட்டணுக்களை அகற்றிவிடுகிறோம். லேசான வான் வில்லிபிராண்ட் குறையும் தப்பிவிடும். இன்னொன்று 13ஆம் காரணி. பிளாஸ்மா கட்டியான கணத்தில் கடிகாரம் நின்றுவிடுகிறது; அந்தக் கட்டியின் இழைகளைக் குறுக்கே பிணைத்து உறுதியாக்கும் 13ஆம் காரணி வேலைக்கு வருவது அதற்குப் பிறகு. பிறந்த குழந்தைக்குத் தொப்புள்கொடி விழுந்த இடத்தில் நாள்கணக்கில் ரத்தம் கசிகிறது, பி.டி., ஏ.பி.டி.டி., தட்டணு எல்லாம் சரி என்றால் நினைவுக்கு வர வேண்டியது இதுதான். உறைந்த கட்டியை 5 மோலார் யூரியாக் கரைசலில் போட்டு வைப்பார்கள். 13 இருந்தால் மறுநாளும் கட்டி அப்படியே இருக்கும், அறவே இல்லாவிட்டால் சில மணி நேரத்தில் கரைந்துவிடும். வழக்கமான ரத்த உறைவுப் பட்டியலில் இந்தச் சோதனை இருக்காது, மருத்துவர் பெயர் சொல்லித் தனியாக எழுதிக் கேட்டால்தான் லேப் செய்யும்.